இரவு 9 மணிக்குப் பிறகு திகதியைத் திருகலாமா? குவார்ட்ஸ் வாட்சின் திகதி, கிழமைக் குழப்பங்கள்

முட்கள் உள்ள, பற்றரியில் ஓடும், டயலில் ஒரு சிறு ஜன்னலுக்குள் திகதியும் கிழமையும் காட்டும் வாட்சைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் திருத்தும் கடைகளுக்கு வரும் திகதிப் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, வாட்ச் பகலை இரவென்று நினைத்துக்கொண்டு ஓடுகிறது. மற்றது, நள்ளிரவுக்குக் கிட்டிய நேரத்தில் யாரோ திகதியை அவசரமாகத் திருகியிருக்கிறார்கள். முதலாவதால் மெஷினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டாவது சில வேளைகளில் மெஷினையே மாற்றவைக்கும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கீழே சொல்லும் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மணி முள்ளின் பற்சில்லு 12 மணித்தியாலத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதிலிருந்து ஓட்டம் வாங்கும் இன்னொரு சில்லு 24 மணித்தியாலத்துக்கு ஒரு முறைதான் சுற்றும். அந்தச் சில்லில் சிறு விரல் போல ஒரு நீட்டம் இருக்கிறது. டயலுக்குக் கீழே 31 பற்களுடன் திகதி வளையம் கிடக்கிறது. இரவு 9 மணியளவில் இந்த விரல் வளையத்தின் ஒரு பல்லை நெருங்கி, மெல்ல மெல்லத் தள்ளி, நள்ளிரவையொட்டி அடுத்த திகதிக்குக் கொண்டுவந்துவிட்டு, 1 மணியளவில் விலகும். கிழமைத் தட்டுக்கும் இதே மாதிரி ஒரு விரல் உண்டு. அது கொஞ்சம் சோம்பேறி. திகதி மாறி முடிந்த பிறகும் விடிய 3, 4 மணி வரை அது தள்ளிக்கொண்டிருக்கும். மொடலுக்கு மொடல் இந்த நேரங்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆகவே இரவு 9 முதல் விடிய 5 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வாட்சுகளுக்குப் பொருந்தும்.

சாவியை ஒரு சொடுக்கு வெளியே இழுத்துத் திருகும்போது திகதியைத் தள்ளுவது இந்த விரல் அல்ல. அதற்கென்று வேறொரு சிறு சில்லு இருக்கிறது. விரல் ஏற்கெனவே பல்லுக்குள் இறங்கியிருக்கும் நேரத்தில் நீங்கள் அந்தச் சில்லால் வளையத்தைத் தள்ளினால், வளையத்தின் பல் போய் விரலில் முட்டும். புதிய மெஷின்கள் பலவற்றில் விரல் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருப்பதால் ஒரு தடவை தப்பிவிடும். அதனால்தான் “நான் எப்போதும் இரவில்தான் திருகுகிறேன், ஒன்றும் நடக்கவில்லையே” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நடக்கும்போது விரலின் நுனி வளையும், இல்லாவிட்டால் ஒரு பல் உடையும்.

இங்கே ஆபத்தான நேரம் என்பது உங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டின் நேரம் அல்ல, வாட்சின் முட்கள் நிற்கும் நேரம். பகல் 2 மணிக்கு மேசையில் வைத்துத் திருகினாலும், நின்றுபோன வாட்சின் முட்கள் இரவு 11-இல் நின்றால் அது இரவு 11 தான்.

## நின்று கிடந்த வாட்சை இரவில் சரிசெய்ய வேண்டும்

இதை ஒரு உதாரணத்தோடு முழுதாகச் செய்து பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் இதுதான் அடிப்படை. 2026 மே 1, வெள்ளிக்கிழமை, இரவு 10:20. அலுமாரிக்குள் கிடந்த வாட்சுக்குப் புதுப் பற்றரி போட்டாயிற்று. அதன் முட்கள் 4:50 காட்டுகின்றன, ஜன்னலில் 17, செவ்வாய். அந்த 4:50 விடியவா பின்னேரமா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் திகதியில் இன்னும் கை வைக்க வேண்டாம்.

சாவியை இரண்டாவது சொடுக்கு வரை இழுங்கள். செக்கன் முள் நிற்கும். இப்போது முட்களை முன்பக்கமாகவே சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பாருங்கள். முதல் 12-ஐத் தாண்டும்போது திகதி அசையவில்லையென்றால் அது நண்பகல். தொடர்ந்து சுற்றுங்கள். அடுத்த 12-இல் 17 போய் 18 வரும். அந்த 12 தான் வாட்சின் நள்ளிரவு. அங்கே நிறுத்தக் கூடாது, கிழமை இன்னும் பாதி வழியில் இருக்கும். முட்கள் 6-க்கு வரும் வரை கொண்டுபோங்கள். இப்போது வாட்சுக்கு விடிய 6 மணி, 18, புதன். இரண்டு விரல்களும் பற்களை விட்டு விலகி நிற்கின்றன.

சாவியை ஒரு சொடுக்கு உள்ளே தள்ளி முதலாம் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் திருகினால் திகதி, மறுபக்கம் திருகினால் கிழமை. எந்தப் பக்கம் எது என்பது மெஷினைப் பொறுத்தது, திருகியே பார்த்துக்கொள்ளலாம். 18-இலிருந்து 31 வரை போய், அதற்கடுத்த 1-இல் நிறுத்துங்கள். கிழமையைப் புதனிலிருந்து வெள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மறுபடி இரண்டாவது சொடுக்குக்கு இழுத்து, 6-இலிருந்து முன்பக்கமாக 10:20 வரை சுற்றுங்கள். வழியில் ஒரு 12 வரும். அந்த 12-இல் திகதி மாறக்கூடாது. மாறினால் எங்கோ பிசகிவிட்டது, மறுபடி 6-இலிருந்து தொடங்குங்கள். 10 மணியளவில் ஜன்னலில் எண் கொஞ்சம் கீழிறங்கியோ மேலேறியோ தெரியலாம், அது இன்றைய மாற்றத்துக்கு விரல் தயாராகிறது என்று அர்த்தம். அதைத் தொடாதீர்கள்.

நிமிடத்தை வைக்கும்போது ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. குவார்ட்ஸ் மெஷினில் சரியான நிமிடத்தை 4, 5 நிமிடம் தாண்டிப் போய், பின்னால் திரும்பி வந்து நிறுத்துவது நல்லது. பற்களுக்கிடையிலுள்ள தளர்வு அப்போது எடுபட்டுவிடும், சாவியை அமுக்கியதும் நிமிட முள் சும்மா நிற்காது. நேரம் 12-க்குக் கிட்டவாக இருந்தால் இந்தத் திரும்பலைச் செய்ய வேண்டாம்.

பல கையேடுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. நேற்றைய திகதியை வைத்துவிட்டு, நள்ளிரவைத் தாண்டிச் சுற்றி இன்றைக்கு வரச் சொல்கின்றன. அதுவும் சரியான முறைதான், ஆனால் அதில் மாதத்தின் முதல் நாளில் ஒரு பொறி இருக்கிறது. மேலே உள்ள உதாரணத்தில் நேற்று ஏப்ரல் 30. நீங்கள் 30-ஐ வைத்துச் சுற்றினால் வாட்ச் 31 காட்டும், ஏனென்றால் வளையத்துக்கு ஏப்ரலும் தெரியாது மேயும் தெரியாது. 1-ஆம் திகதி இந்த முறையைப் பின்பற்றுவதென்றால் நேற்றைய திகதி எதுவாக இருந்தாலும் 31-ஐத்தான் வைக்க வேண்டும். விடிய 6-இல் நிறுத்தி இன்றைய திகதியையே நேராக வைப்பதில் இந்தக் கணக்கு இல்லை, அதனால் நான் அதைத்தான் சொல்வேன். நள்ளிரவுக்கும் 6-க்கும் இடையில் விழித்திருந்து வாட்ச் வைப்பவர்களுக்கு மட்டும் நேற்றைய திகதி முறை தேவைப்படும். இல்லாவிட்டால் விடிந்த பிறகு செய்யலாமே.

## திகதி பகல் 12 மணிக்கு மாறுகிறது

“நேற்றுத்தான் பற்றரி போட்டது, இப்ப பகல்ல திகதி மாறுது, பற்றரி பிழையோ?” என்று கேட்பார்கள். பற்றரி பிழையில்லை. பற்றரி மாற்றியவர் முட்களை நேரத்துக்குக் கொண்டுவந்தபோது விடியலா பின்னேரமா என்று பார்க்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மெஷினில் ஒன்றும் உடையவில்லை.

திருத்தமும் சுலபம், ஆனால் அதை இரவில் செய்யாதீர்கள். பகலில், உதாரணமாகப் பின்னேரம் 3 மணிக்கு, சாவியை இரண்டாவது சொடுக்குக்கு இழுத்து முட்களைச் சரியாக 12 மணித்தியாலம் முன்னே கொண்டுபோங்கள். காலையில் நேற்றைய திகதியும் பகல் 12-க்குப் பிறகு இன்றைய திகதியும் காட்டிக்கொண்டிருந்த வாட்ச் என்றால், இந்த ஒன்றோடு எல்லாம் சரியாகிவிடும். காலையில் சரியான திகதி காட்டி, பகல் 12-க்குப் பிறகு நாளைய திகதிக்குப் போய்விடும் வாட்ச் என்றால், 12 மணித்தியாலம் சுற்றிய பிறகும் ஒரு நாள் முன்னே நிற்கும். அப்போது முட்கள் உண்மையிலேயே பின்னேரம் 3-இல் நிற்பதால் முதலாம் சொடுக்கில் பயமில்லாமல் திகதியைத் திருகலாம். கிழமையும் அதேபோல. பல மெஷின்களில் திகதி ஒரு திசையில்தான் ஓடும், ஒரு நாள் பின்னே போக வளையத்தை ஏறக்குறைய முழுவதும் சுற்றத்தான் வேண்டும்.

## கிழமை இருந்த இடத்தில் அரபு எழுத்து வருகிறது

காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்களின் கைகளில் ஆங்கிலமும் அரபும் உள்ள கிழமைத் தட்டு சாதாரணம். அந்தத் தட்டில் ஏழு அல்ல, பதினான்கு இடங்கள். ஒவ்வொரு கிழமையும் இரண்டு மொழியில் மாறி மாறி அச்சாகியிருக்கும். ஆகவே ஒரு நாள் மாற விரல் இரண்டு அடி தள்ள வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் முதலாவது அடி, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சென்று இரண்டாவது அடி. நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பிப் பார்ப்பவருக்கு விடிய 2 மணிக்கு ஜன்னலில் மற்ற மொழி தெரிந்தால் அது பழுது அல்ல, இடைவழி. விடிந்து பார்க்கும்போது சரியாகியிருக்கும்.

விடிந்த பிறகும், பகல் முழுதும் வேண்டாத மொழியிலேயே நின்றால் கிழமை ஒரு அடி தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பகலில் முதலாம் சொடுக்கில் கிழமைப் பக்கமாக ஒரு சொடுக்கு திருகினால் போதும். அப்போது வேறு கிழமை வந்துவிட்டால், உங்கள் மொழியில் சரியான கிழமை வரும் வரை தொடருங்கள். இதை விடிய 2 மணிக்கு “சரிசெய்ய” முனைபவர்தான் கிழமை விரலை உடைக்கிறார், அந்த நேரத்தில்தான் அந்த விரல் முழுப் பலத்தோடு தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

## கட்டாரிலிருந்து வந்திறங்கியதும் திகதி குழம்புகிறது

கட்டாரும் சவுதியும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். கட்டுநாயக்காவில் நள்ளிரவு 12:10-க்கு இறங்குபவரின் வாட்ச் இரவு 9:40 காட்டும். அவர் செய்ய வேண்டியது முட்களை முன்னே இரண்டரை மணித்தியாலம் சுற்றுவது மட்டும். திகதி தானாக மாறும், கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் நித்திரை கொள்ளும்போது மாறி முடியும். முதலாம் சொடுக்கைத் தொடவே தேவையில்லை. முட்களையும் மாற்றி, திகதியையும் தனியாகத் திருகுபவருக்குத்தான் காலையில் ஒரு நாள் கூடுதலாகத் தெரியும்.

திரும்பிப் போகும் பயணம் கொஞ்சம் சிக்கல். தோகாவில் இறங்கும்போது வாட்ச் இலங்கை நேரப்படி விடிய 1 மணி, அங்கே முந்திய நாள் இரவு 10:30. முட்களைப் பின்னால் திருப்பினால் அவை நள்ளிரவைப் பின்னோக்கிக் கடக்கின்றன. பல மெஷின்களில் திகதி கூடவே பின்னால் வராது. விரல் மட்டும் பின்னால் வழுக்கிப் போய்விட்டு, ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபடி வந்து இன்னொரு திகதியைத் தள்ளும். காலையில் ஒரு நாள் முன்னே நிற்கும். அந்த இரவு ஃபோனைப் பார்த்துச் சமாளியுங்கள். அடுத்த நாள் காலை வாட்ச் 10 காட்டும்போது 7:30-க்குப் பின்னால் திருப்பினால் நள்ளிரவு நடுவில் வராது, திகதியும் அசையாது.

## திகதி இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறது

இரவு 10-க்கும் 1-க்கும் இடையில் பார்த்தீர்களென்றால் அது ஓட்டத்தின் நடுவில் இருக்கிறது, விடுங்கள். காலை 8 மணிக்கும் அப்படியே நின்றால்தான் விசாரிக்க வேண்டும். முதலில் மேலே சொன்ன வழியில் வாட்சின் நள்ளிரவு எது என்று உறுதி செய்யுங்கள், ஏனென்றால் 12 மணித்தியாலம் பிசகிய வாட்சுக்குக் காலை 10 மணிதான் இரவு 10. அது சரியென்றால் முட்களை விடிய 6-இல் வைத்து, முதலாம் சொடுக்கில் ஒரேயொரு திகதியை மெதுவாகத் திருகிப் பாருங்கள். வளையத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது, சில வேளை அந்தத் தள்ளலோடு எண் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடும். அடுத்தடுத்த இரவும் பாதியிலேயே நின்றால் அந்த ஸ்பிரிங்கோ வளையத்தின் பல்லோ போயிருக்கிறது. சாவி இறுகி நின்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள். இறுக்கம் என்பது விரல் பல்லுக்குள் இருக்கிறது என்பதற்கான அடையாளம். அப்போது செய்ய வேண்டியது இரண்டாவது சொடுக்குக்குப் போய் முட்களை முன்னே நகர்த்துவதுதான்.

## ஏற்கெனவே இரவு 11-க்குத் திருகிவிட்டேன்

உடனே நிறுத்தி, இரண்டாவது சொடுக்குக்கு இழுத்து, முட்களை 6 வரை முன்னே கொண்டுபோய், அங்கே திகதியையும் கிழமையையும் சரிபார்த்து வையுங்கள். பிறகு நேரத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த இரண்டு இரவும் திகதி தானாக மாறுகிறதா என்று காலையில் பாருங்கள். இரண்டு இரவும் சரியாக மாறினால் விரல் தப்பிவிட்டது.

மாறாவிட்டால் எது போயிருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலாம் சொடுக்கில் திருகும்போது திகதி நன்றாக ஓடுகிறது, ஆனால் நள்ளிரவில் மாறவில்லை என்றால் போனது அந்தத் தள்ளும் விரல் அல்லது அதைத் தாங்கும் சில்லு. மாறாக, நள்ளிரவில் ஒழுங்காக மாறுகிறது, ஆனால் சாவியால் திருகினால் வெறுமனே வழுக்குகிறது என்றால் விரல் நலம், சாவி வழித் திருத்தும் சில்லுதான் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வாட்சைத் திருத்தாமலே கட்டலாம், திகதியை மாற்ற முட்களை நாள் நாளாகச் சுற்றும் பொறுமை இருந்தால். இரண்டு வழியிலும் ஒரு குறிப்பிட்ட எண்ணில் மட்டும் சிக்கினால் வளையத்தின் அந்த ஒரு பல்லைச் சந்தேகியுங்கள்.

## வாட்ச் இரவு 11, 12 மணிக்கு நின்றுபோகிறது

பகலில் ஓடி, காலையில் பார்த்தால் நள்ளிரவை ஒட்டி நின்றிருக்கும். தட்டினால் ஓடும். திகதியும் கிழமையும் தள்ளும் அந்த நேரம்தான் குவார்ட்ஸ் மோட்டருக்கு நாளிலேயே அதிக பாரம், வலு குறைந்த பற்றரி முதலில் தோற்பது அங்கேதான். செக்கன் முள் ஒவ்வொரு செக்கனுக்கும் நகராமல் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை தாவினால், பல மெஷின்களில் அது பற்றரி முடியப்போகிறது என்று வாட்ச் தானே சொல்லும் அறிவிப்பு. புதுப் பற்றரி போட்டும் அதே நேரத்தில் நின்றால் பற்றரியைத் திட்டாதீர்கள், திகதிப் பகுதி எங்கோ இறுகியிருக்கிறது.

## மாத முடிவு

பெப்ரவரி, ஏப்ரல், யூன், செப்டெம்பர், நவம்பர் முடிந்ததும் திகதியைத் திருத்த வேண்டும். வருடத்தில் ஐந்து தடவை. 30-ஆம் திகதி இரவு 11 மணிக்கு “நாளைக்கு 1 வரவேண்டுமே” என்று நினைவு வந்து சாவியை இழுப்பவர்கள்தான் அதிகம், அதுதான் மிக மோசமான நேரம். 31 வரட்டும், விடுங்கள். அடுத்த நாள் காலை 6-க்குப் பிறகு ஒரு சொடுக்கு திருகினால் முடிந்தது. பெப்ரவரிக்கு 28 நாளென்றால் மார்ச் 1 காலையில் ஜன்னலில் 29 நிற்கும், மூன்று சொடுக்கு. கிழமையைத் தொட வேண்டாம், அது தன்பாட்டில் சரியாக இருக்கும்.

சாவி திருகி இறுக்கும் வகை வாட்ச் என்றால், வேலை முடிந்ததும் மறக்காமல் உள்ளே அமுக்கித் திருகி மூடுங்கள். வாவியிலோ கடலிலோ குளித்துவிட்டு வந்த ஈரக்கையோடு சாவியை இழுக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் போன வாட்சில் திகதி விரல் பற்றிப் பேசிப் பயனில்லை.

கடைக்குக் கொண்டுபோகும் கட்டம் வந்தால், பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு “உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவரிடம் திகதிப் பிழையை விட்டுவிடாதீர்கள். திகதி வளையம், கிழமைத் தட்டு, விரல்கள் எல்லாம் டயலுக்குக் கீழே, முகப் பக்கத்தில் இருக்கின்றன. முட்களைக் கழற்றி, டயலை எடுத்தால்தான் அவை தெரியும். சாதாரண வாட்சில் விரல் போயிருந்தால், பின்மூடியைத் திறந்து, மெஷினிலேயே பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்து அதே இலக்கப் புது மெஷினைப் போடுவதே பல நேரம் செலவு குறைந்த வழி. அப்படிப் போட்டுத் தந்தால், கடையை விட்டு இறங்குமுன் முட்களை ஒரு முழு நாள் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். இரண்டு 12-இல் ஒன்றில் மட்டும் திகதி மாற வேண்டும்.